ரூபியில் பாதி அயனிகளை மேலேற்ற வேண்டும் என்றால், யாக் படிகத்தில் மட்டும் அந்தக் கணக்கு ஏன் மாறுகிறது?

தக்கலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் லேசர் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. தொகைத் தலைகீழாக்கம் என்றால் மேல்நிலையில் உள்ள அயனிகளின் எண்ணிக்கை கீழ்நிலையில் உள்ளவற்றைவிட அதிகமாவது என்பது எனக்குப் புரிகிறது. ரூபி போன்ற மூன்று நிலை ஏற்பாட்டைவிட, நியோடிமியம் சேர்த்த யாக் படிகம் போன்ற நான்கு நிலை ஏற்பாட்டில் லேசர் எளிதாகக் கிளம்பும் என்று எல்லாப் புத்தகங்களும் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. எந்த ஏற்பாடாக இருந்தாலும் மேல்நிலை கீழ்நிலையை மிஞ்சத்தானே வேண்டும்? அப்படியானால் இரண்டிலும் பாதிக்கு மேற்பட்ட அயனிகளை ஏற்ற வேண்டாமா? அடுத்ததாக, நான்கு நிலையில் அயனி கூடுதலாக ஒரு படி இறங்குகிறது. அந்தப் படியில் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. வீணாக்குவது எப்படி எளிதாகும்?

குளச்சல் காற்று

தங்கை, இதற்கு விடை மேல்நிலையின் ஆயுளில் இருக்கிறது. நான்கு நிலை லேசர்களில் சிற்றுறுதி நிலை எனப்படும் அந்த மேல்நிலை அதிக நேரம் தாங்கும். அயனிகள் கீழே விழாமல் மேலே காத்திருப்பதால் கூட்டம் எளிதாகச் சேர்ந்துவிடுகிறது. மூன்று நிலையில் அந்தக் காத்திருப்பு குறைவு. நாங்கள் கல்லூரியில் படித்தபோது இப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினோம்.

தக்கலை மாணவி

நன்றி அண்ணா. ஆனால் அட்டவணையில் பார்த்தபோது ரூபியின் மேல்நிலை ஆயுள் ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் என்றும், நியோடிமியம் யாக்கின் மேல்நிலை ஆயுள் 0.23 மில்லிசெகண்ட் என்றும் இருக்கிறது. மூன்று நிலையான ரூபிதான் பத்து மடங்குக்கு மேல் அதிக நேரம் தாங்குகிறது. உங்கள் விளக்கப்படி ரூபிதானே எளிதாகக் கிளம்ப வேண்டும்?

ஒளியியல் ஆசிரியர், நாகர்கோவில்

மாணவி சரியான இடத்தில் பிடித்துவிட்டார். குளச்சல் நண்பர் சொன்ன ஆயுள் முக்கியமானதுதான், ஆனால் அது இந்தக் கேள்விக்கான விடை அல்ல. இந்த இரண்டு பொருள்களிலும் அது எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கேள்வியில் ஒளிந்திருக்கும் பிழையைப் பார்க்க வேண்டும். "மேல்நிலை கீழ்நிலையை மிஞ்ச வேண்டும்" என்ற வரி முழுவதும் சரி. "ஆகவே பாதிக்கு மேல் ஏற்ற வேண்டும்" என்ற முடிவு, கீழ்நிலை என்பது அடிநிலையாக இருந்தால் மட்டுமே சரி. லேசர் ஒளி உமிழப்படும் தாவலில் அயனி எங்கே வந்து இறங்குகிறது, அந்த இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் முழுக் கதையும்.

ரூபியில் குரோமியம் அயனி 694.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியை உமிழ்ந்துவிட்டு நேராக அடிநிலையில் வந்து விழுகிறது. அயனிகளை மேலேற்றும் விளக்கை எரிப்பதற்கு முன் எல்லா அயனிகளும் அங்கேதான் இருக்கின்றன. அந்த அயனி ஒவ்வொன்றும் இதே சிவப்பு ஒளியை விழுங்கக்கூடியது. ஒரு சிவப்பு ஃபோட்டான் மேல்நிலை அயனியைச் சந்தித்தால் இரண்டாகிறது, அடிநிலை அயனியைச் சந்தித்தால் மறைந்துபோகிறது. ஆகவே கல்லில் பாதிப் பேரை மேலே ஏற்றும் வரை ஒளி பெருகாது, குறையத்தான் செய்யும். பாதியைத் தொடும் நொடியில்கூட நமக்குக் கிடைப்பது பெருக்கம் அல்ல. கல் அந்த நிறத்துக்குக் கண்ணாடிபோல் ஒளிபுகும் பொருளாகிறது, அவ்வளவுதான்.

யாக்கில் நியோடிமியம் அயனி 1064 நானோமீட்டர் ஒளியை உமிழ்ந்துவிட்டு அடிநிலைக்கு வருவதில்லை. அடிநிலைக்கு ஏறத்தாழ 2,100 அலை எண் மேலே இருக்கும் ஒரு நிலையில் வந்து நிற்கிறது. அறை வெப்பத்தின் ஆற்றலை அதே அலகில் சொன்னால் 208 தான். பத்து மடங்கு உயரம். அந்த உயரத்துக்கு வெப்பத்தால் மட்டும் ஏறியிருக்கக்கூடிய அயனிகள் ஒரு லட்சத்துக்கு இரண்டு மூன்று பேர்தான். ஆகவே இறங்கும் இடம் காலியாகவே இருக்கிறது. காலி இடத்தை மிஞ்சுவதற்கு எத்தனை பேர் வேண்டும்?

பறக்கை விவசாயி மகன்

சார் சொல்வதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்லிப் பார்க்கிறேன், தவறு என்றால் திருத்துங்கள். பெரிய குளம் ஒன்று நிரம்பிக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னக் குளம். பெரிய குளத்துத் தண்ணீரையே மோட்டார் வைத்துச் சின்னக் குளத்தில் இறைத்து, சின்னக் குளத்தின் நீர்மட்டம் பெரிய குளத்தின் மட்டத்துக்கு மேலே வந்தால்தான் மடை திறந்ததும் தண்ணீர் பாயும். இது மூன்று நிலை. நடுவில் வறண்ட ஓடை ஒன்று இருந்து, சின்னக் குளத்து மடை அந்த ஓடையில் திறந்தால், சின்னக் குளத்தில் ஒரு சாண் தண்ணீர் போதும். இது நான்கு நிலை. சரிதானா?

ஒளியியல் ஆசிரியர், நாகர்கோவில்

மிகவும் நல்ல உவமை, ஓடை வறண்டே இருக்க வேண்டும் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. பாய்ந்த தண்ணீர் ஓடையில் தேங்கினால் மடையில் ஓட்டம் நின்றுவிடும். யாக்கில் கீழ்நிலைக்கு வந்த அயனி படிக அதிர்வுகளிடம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, மேல்நிலை ஆயுளோடு ஒப்பிட்டால் கண் இமைக்கும் நேரத்திலேயே அடிநிலைக்குப் போய்விடுகிறது. மாணவி "வீண்" என்று சொன்ன அந்தக் கூடுதல் படிதான் ஓடையை வறண்டதாக வைத்திருக்கும் வடிகால். அதற்கு நாம் கொடுக்கும் விலையும் பெரிதல்ல: 808 நானோமீட்டர் ஒளியால் ஏற்றி 1064 நானோமீட்டர் ஒளியை எடுத்தால், ஒவ்வொரு ஃபோட்டானிலும் ஆற்றலில் 24 சதவீதம் வெப்பமாகிறது. ரூபியில் 550 நானோமீட்டர் பச்சை ஒளியால் ஏற்றி 694 நானோமீட்டரில் எடுத்தால் 21 சதவீதம் போகிறது. வித்தியாசம் அற்பம்.

உவமை பொருந்தாத இடம் ஒன்று உண்டு. மடையில் தண்ணீர் ஒரு திசையில்தான் ஓடும். ஒளியோ இரு திசையிலும் அயனிகளை ஒரே வலிமையோடு தள்ளுகிறது. அதனால்தான் மட்டம் சமமாகும்போது நிகர ஓட்டம் சுழியாகிறதே தவிர, ஓட்டமே இல்லாமல் போவதில்லை.

தக்கலை மாணவி

கருத்து புரிந்துவிட்டது சார். ஆனால் எண்களாகப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். ஒரே அளவுள்ள இரண்டு தண்டுகளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

ஒளியியல் ஆசிரியர், நாகர்கோவில்

போடலாம். இரண்டு தண்டுகளும் 6 மில்லிமீட்டர் தடிப்பும் 75 மில்லிமீட்டர் நீளமும் கொண்டவை என்று வைத்துக்கொள்வோம். கனஅளவு 2.1 கன சென்டிமீட்டர்.

வழக்கமான வெளிர்சிவப்பு ரூபியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.58 × 10^19 குரோமியம் அயனிகள் உள்ளன. தண்டு முழுவதிலும் 3.3 × 10^19. அதில் பாதியை, அதாவது 1.7 × 10^19 அயனிகளை, மேலேற்ற வேண்டும். ஒரு பச்சை ஃபோட்டானின் ஆற்றல் 3.6 × 10^-19 ஜூல். பெருக்கினால் 6 ஜூல் வருகிறது. இந்த 6 ஜூல் கல்லுக்குள் உண்மையாகவே விழுங்கப்பட்டாக வேண்டும். விளக்குக்குக் கொடுக்கும் மின்னாற்றலில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் இப்படி மேல்நிலையைச் சென்றடைகிறது என்று கொண்டால், மின்தேக்கியில் சில நூறு ஜூல் ஏற்ற வேண்டியிருக்கும். இத்தனையும் செலவழித்த பின் நமக்குக் கிடைப்பது ஒளிபுகும் கல் மட்டுமே. தண்டின் இரு பக்கமும் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிகளின் இழப்பை ஈடுசெய்யத் தேவையான பெருக்கத்துக்கு இதற்கு மேல் நூற்றுக்கு ஒன்றிரண்டு அயனிகள் ஏறினால் போதும். செலவு முழுவதும் வாசலுக்கு வருவதற்கே ஆகிவிடுகிறது.

இப்போது யாக். ஒரு கண்ணாடி முழுவதும் பிரதிபலிக்கிறது, மற்றொன்று 90 சதவீதம் பிரதிபலிக்கிறது, மற்ற இழப்புகள் ஒரு சுற்றுக்கு 2 சதவீதம் என்று கொள்வோம். ஒளி ஒரு சுற்றில் தண்டை இரண்டு முறை, அதாவது 15 சென்டிமீட்டர், கடக்கிறது. 1064 நானோமீட்டர் தாவலின் உமிழ்வுப் பரப்பு 2.8 × 10^-19 சதுர சென்டிமீட்டர்.

```
15 × 2.8×10^-19 × N2 = 0.105 + 0.02
N2 = 3 × 10^16
```

ஒரு கன சென்டிமீட்டருக்கு 3 × 10^16 அயனிகள் போதும். ஒரு சதவீத நியோடிமியம் சேர்த்த யாக்கில் மொத்தம் 1.38 × 10^20 அயனிகள் இருப்பதால், இது பத்தாயிரத்தில் இரண்டு பேர். தண்டு முழுவதிலும் விழுங்கப்பட வேண்டிய ஆற்றல் 16 மில்லிஜூல். ரூபியின் 6 ஜூலோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நானூறில் ஒரு பங்கு.

குளச்சல் நண்பரின் ஆயுள் இங்கேதான் உள்ளே வருகிறது. விளக்கைத் தொடர்ந்து எரித்து இந்த எண்ணிக்கையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றால், ஆற்றலை ஆயுளால் வகுக்க வேண்டும். ரூபிக்கு 6 ஜூலை 3 மில்லிசெகண்டால் வகுத்தால் 2,000 வாட். யாக்குக்கு 16 மில்லிஜூலை 0.23 மில்லிசெகண்டால் வகுத்தால் 70 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. நானூறு மடங்கு முப்பது மடங்காகச் சுருங்கிவிட்டது. ரூபியின் நீண்ட ஆயுள் அதற்குப் பெரிய உதவி செய்கிறது. ஆனால் பாதிப் பேரை ஏற்ற வேண்டிய சுமையை அதனால் முழுவதும் ஈடுகட்ட முடியவில்லை.

குளச்சல் காற்று

அப்படியானால் நான் பாதி சரி என்று எடுத்துக்கொள்கிறேன். இத்தனை கடினமான ரூபியில்தானே 1960 மே மாதம் 16-ஆம் நாள் மெய்மன் முதல் லேசரைக் கிளப்பினார்? எளிதானதை விட்டுவிட்டு ஏன் கடினமானதைப் பிடித்தார்?

ஒளியியல் ஆசிரியர், நாகர்கோவில்

அவர் ரூபியை ஏற்கெனவே நன்கு அறிந்திருந்தார் என்பது ஒன்று. அது ஏற்கும் பச்சை, ஊதா பட்டைகள் அகலமானவை என்பது இன்னொன்று. வெண்ணிற ஒளி வீசும் விளக்கிலிருந்து நிறைய வாரிக்கொள்ளும். தொடர் ஒளியை நம்பாமல் நிழற்படக்காரர்களின் ஃபிளாஷ் விளக்கைப் பயன்படுத்தியதால், 3 மில்லிசெகண்டுக்குள் மொத்த ஆற்றலையும் கொட்டிவிட முடிந்தது. மேலே போட்ட கணக்கில் 6 ஜூல் என்பது பெரிய அளவு அல்ல; அதைத் தொடர்ந்து கொடுப்பதுதான் கடினம். அதே ஆண்டின் இறுதியிலேயே ஐபிஎம் ஆய்வகத்தில் சொரோகினும் ஸ்டீவன்சனும் கால்சியம் ஃபுளோரைடில் யுரேனியம் சேர்த்து முதல் நான்கு நிலை லேசரை இயக்கினார்கள். ஆனால் கீழ்நிலையைக் காலியாக வைக்க அவர்கள் படிகத்தைக் கடுமையாகக் குளிர்விக்க வேண்டியிருந்தது. கீழ்நிலையின் உயரம் போதாவிட்டால் வெப்பத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

மேலப்பாலூர்க்காரர்

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது மறுபடியும் மங்கலாகத் தெரிகிறது என்பதால் யாக் லேசர் போட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நீங்கள் சொல்லும் மூன்று நிலை, நான்கு நிலை என்பது அந்தச் சிகிச்சையின் கட்டங்களா? அம்மா நான்கு முறை போக வேண்டியிருக்குமா?

ஒளியியல் ஆசிரியர், நாகர்கோவில்

இல்லை ஐயா, இங்கே நிலை என்பது அயனியின் ஆற்றல் படிகளைக் குறிக்கிறது. சிகிச்சையின் கட்டங்களோடு தொடர்பில்லை. படிகமும் 1064 நானோமீட்டர் ஒளியும் மட்டும் அதே வகை. எத்தனை முறை வர வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

வடசேரி வெல்டர்

என் கடையிலும் யாக்தான் ஓடுகிறது. நகை ஒட்டும் லேசர் வெல்டிங் எந்திரம், விளக்கு வைத்தது. முன்பு 250 வோல்ட்டில் சங்கிலிக் கண்ணி அழகாக ஒட்டும். இப்போது 310 வோல்ட் வைத்தால்தான் அதே ஒட்டு கிடைக்கிறது. வெயில் காலத்தில் குளிர்விக்கும் தண்ணீர் நன்றாகச் சூடாகிறது. சார் சொன்னதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: தண்ணீர் சூடானால் கீழ்நிலையில் அயனிகள் நிரம்பி, என் நான்கு நிலை எந்திரம் மூன்று நிலையாகிவிடுகிறதோ?

ஒளியியல் ஆசிரியர், நாகர்கோவில்

சிந்தித்த திசை அருமை, அண்ணன். ஆனால் அளவு ஒத்துவரவில்லை. தண்ணீர் 30 பாகையிலிருந்து 50 பாகைக்கு ஏறினால், 2,100 அலை எண் உயரத்தில் இருக்கும் அயனிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்காகும். லட்சத்துக்கு இரண்டு மூன்று பேர் என்பது நான்கைந்து பேராகும். லேசர் கிளம்பும் தொடக்க அளவுக்கே பத்தாயிரத்துக்கு இரண்டு பேர், அதாவது லட்சத்துக்கு இருபது பேர் வேண்டும். நீங்கள் வெல்டிங் செய்வதோ தொடக்க அளவுக்கு வெகு மேலே. ஆகவே 60 வோல்ட் கூட்ட வேண்டிய நிலையை அது உண்டாக்காது.

சூட்டினால் வேறொன்று நடக்கிறது. தண்டின் நடுப்பகுதி ஓரத்தைவிடச் சூடாகித் தண்டே ஒரு லென்ஸ்போல் ஒளியைக் குவிக்கத் தொடங்கும். கதிரின் வடிவம் கெட்டுப்போகும். இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. எந்திரம் ஆறியிருக்கும்போது, நொடிக்கு ஒரு துடிப்பு மட்டும் விட்டுப் பாருங்கள். அப்போது பழைய 250 வோல்ட்டிலேயே நன்றாக ஒட்டினால், குறை சூட்டில் இருக்கிறது. ஆறிய எந்திரமும் ஒற்றைத் துடிப்பில் சோம்பினால், விளக்கு பழையதாகிவிட்டதா, விளக்கைச் சுற்றியுள்ள பிரதிபலிப்பான் மங்கிவிட்டதா, கண்ணாடியில் புள்ளி விழுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

தக்கலை மாணவி

வெல்டர் அண்ணன் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. நான்கு நிலை என்பது நியோடிமியத்தின் பிறவிக் குணமா? இல்லை, கீழ்நிலை போதிய உயரத்தில் இருப்பதால் வந்த பெயர்தானா? அதே நியோடிமியம் 946 நானோமீட்டரிலும் ஒளி உமிழும் என்று படித்தேன்.

ஒளியியல் ஆசிரியர், நாகர்கோவில்

இந்த இழையில் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி இதுதான். நான்கு நிலை என்பது அயனியின் குணம் அல்ல, தாவலின் குணம். 946 நானோமீட்டர் ஒளியும் அதே படிகத்திலிருந்து, அதே மேல்நிலைத் தொகுதியிலிருந்துதான் புறப்படுகிறது. ஆனால் அது வந்து இறங்கும் இடம் அடிநிலைத் தொகுதியின் மேல்தட்டு. தரையிலிருந்து 857 அலை எண் உயரம் மட்டுமே. வெப்ப ஆற்றலைப் போல நான்கு மடங்குதான். அறை வெப்பத்தில் அங்கே நூற்றுக்கு 0.7 பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். மேல்நிலையிலும் அயனிகள் இரண்டு தட்டுகளில் பிரிந்து நிற்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், இந்த நிறத்துக்குப் படிகம் ஒளிபுகும் நிலையை அடையவே நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவரை ஏற்ற வேண்டும்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒளிபுகும் நிலைக்கு வர ரூபியில் நூற்றுக்கு ஐம்பது பேர், 946 தாவலில் நூற்றுக்கு ஒருவர், 1064 தாவலில் கிட்டத்தட்ட யாரும் வேண்டாம். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் சுவர் எதுவும் இல்லை. ஒரு சரிவுதான் இருக்கிறது. புத்தகங்கள் 946 தாவலை அரைகுறை மூன்று நிலை என்று அழைப்பது இதனால்தான்.

நூற்றுக்கு ஒருவர் என்பது சின்ன எண்போலத் தோன்றலாம். ஆனால் 1064 தாவலின் தொடக்க அளவைவிட அது ஐம்பது மடங்கு. அதனால் 946 நானோமீட்டரில் லேசர் எடுப்பவர்கள் நீளத் தண்டைப் பயன்படுத்துவதில்லை. சில மில்லிமீட்டர் நீளப் படிகத்தில், டையோடு லேசரின் ஒளியைச் சிறு புள்ளியாகக் குவித்து ஏற்றுகிறார்கள். கண்ணாடிகளை 1064 நிறத்தைத் திருப்பி அனுப்பாதபடி பூசவும் வேண்டும். இல்லாவிட்டால் எளிதான தாவல் முந்திக்கொண்டு, ஏற்றிய அயனிகளையெல்லாம் தின்றுவிடும்.

ஒரு படிகம் எந்தப் பக்கம் சேர்ந்தது என்று ஆய்வகத்தில் அறிவதும் இதனால் எளிது. விளக்கை அணைத்துவிட்டு, லேசரின் அதே நிறத்தை உள்ளே அனுப்பிப் பார்த்தால் போதும். ரூபி 694.3 நானோமீட்டர் ஒளியில் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 என்ற கணக்கில் விழுங்கும். நம் 75 மில்லிமீட்டர் தண்டைக் கடந்து நான்கில் ஒரு பங்குகூட வெளியே வராது. யாக் 1064 ஒளியை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். ரூபித் தண்டைப் பொருத்துபவர்கள் சிக்கிக்கொள்ளும் இடமும் இதுவே. தண்டின் இரு முனைகளையும் பிடிப்பான் மறைத்து, முனைக்கு 5 மில்லிமீட்டர் இருட்டாக இருந்தால், அந்த ஏற்றப்படாத ஒரு சென்டிமீட்டர் ஒவ்வொரு கடப்பிலும் 18 சதவீதத்தை விழுங்கப் பார்க்கும். யாக்கில் அதே பிடிப்பான் எந்தத் தீங்கும் செய்யாது.

மார்த்தாண்டம் ஃபைபர்

நான் ஆப்டிகல் ஃபைபர் இணைப்புப் பணியில் இருக்கிறேன். மூன்று நிலை கடினம் என்று எல்லோரும் பேசுவதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. நீண்ட தூர இணைப்புகளில் 1550 நானோமீட்டர் ஒளியைப் பெருக்கும் எர்பியம் பெருக்கிகள் எல்லாமே மூன்று நிலை. எர்பியமும் ரூபியைப் போலவே நேராக அடிநிலைக்குத்தான் விழுகிறது. அவை ஆண்டுக்கணக்கில் நிற்காமல் ஓடுகின்றன. விளக்கும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஒளியியல் ஆசிரியர், நாகர்கோவில்

உங்கள் மறுப்பு நியாயமானது. நான் மேலே எழுதியதை அது திருத்துகிறது என்றே சொல்வேன். பாதிப் பேரை ஏற்ற வேண்டும் என்ற விதி எர்பியத்துக்கும் உண்டு. ஆனால் எத்தனை பேரில் பாதி என்பதைப் பாருங்கள். ஃபைபரின் உட்கரு 4 மைக்ரோமீட்டர் தடிப்பு, நீளம் 10 மீட்டர், ஒரு கன சென்டிமீட்டருக்கு 10^19 எர்பியம் அயனிகள் என்று எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். இத்தனை நீளம் இருந்தும் உட்கருவின் கனஅளவு ஒரு கன சென்டிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சும். பாதி அயனிகள் என்றால் 6 × 10^14. அவற்றை 980 நானோமீட்டர் ஒளியால் ஏற்ற 0.13 மில்லிஜூல் போதும். எர்பியத்தின் மேல்நிலை ஆயுள் 10 மில்லிசெகண்ட் என்பதால், தொடர்ந்து தாங்கிப் பிடிக்க வேண்டியது 13 மில்லிவாட் மட்டுமே. சிறிய டையோடு ஒன்றே அதைக் கொடுத்துவிடும்.

ரூபியின் 2,000 வாட்டும் எர்பியத்தின் 13 மில்லிவாட்டும் ஒரே விதியிலிருந்துதான் வருகின்றன. ஃபைபர் தன் ஒளியை மெல்லிய உட்கருவுக்குள் நீளம் முழுவதும் அடைத்து வைப்பதால், சுமை அடியோடு குறைந்துவிடுகிறது. அங்கே குளச்சல் நண்பரின் நீண்ட ஆயுளும் முழு மதிப்பெண் பெறுகிறது.

மார்த்தாண்டம் ஃபைபர்

இப்போது ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வேலையில் இதன் மறுபக்கம் தெரியும். பம்பு டையோடு செயலிழந்தால் பெருக்கி வெறும் கம்பியாக மாறிவிடுவதில்லை, ஒளியைக் குடித்துவிடுகிறது. உள்ளே போகும் அளவைவிடக் குறைவாகவே வெளியே வரும். முதல் முறை பார்த்தபோது இணைப்பில் எங்கோ ஃபைபர் ஒடிந்துவிட்டது என்று நினைத்து இரவு முழுவதும் தேடினேன்.

பறக்கை விவசாயி மகன்

என் உவமையில் சொன்னால், அந்தப் பெரிய குளத்தையே ஒரு செம்புத் தண்ணீராக்கிவிட்டார்கள்.

தக்கலை மாணவி

இன்னும் ஒன்று உறுத்துகிறது. ரூபியின் அடிநிலையில் ஒரே ஆற்றல் கொண்ட நான்கு நிலைகள் அடங்கும், மேல்நிலையில் இரண்டுதான் என்று ஓரிடத்தில் பார்த்தேன். அப்படியானால் சமநிலை வருவதற்குப் பாதி வேண்டியதில்லை, மூன்றில் ஒரு பங்கு போதும் என்று கணக்கு வருகிறது. பாதி என்பது சரியா, மூன்றில் ஒன்று சரியா?

ஒளியியல் ஆசிரியர், நாகர்கோவில்

நீங்கள் பார்த்த மேல்நிலைக்கு 29 அலை எண் மேலே இன்னொரு இரட்டை நிலை இருக்கிறது. வெப்பம் இரண்டையும் ஏறக்குறைய சமமாக நிரப்பிவிடுவதால், ஏற்றிய அயனிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை அங்கே போய் உட்கார்ந்துகொள்கின்றன. இரண்டையும் கூட்டிக் கணக்கிட்டால் 48 சதவீதம் வருகிறது. ஆகவே அறை வெப்பத்தில் பாதி என்பது நல்ல தோராயம்.

குளச்சல் காற்று

அப்படியானால் ரூபியை நன்றாகக் குளிர்வித்தால், மேலே இருக்கும் அந்த இன்னொரு நிலை காலியாகி, மூன்றில் ஒரு பங்கே போதும் என்று ஆகிவிடுமே?

ஒளியியல் ஆசிரியர், நாகர்கோவில்

காகிதத்தில் அப்படித்தான் வருகிறது. ஆனால் குளிர்விக்கும்போது ரூபியின் கோடு மிகவும் ஒடுங்கிப் பெருக்கமும் கூடுவதால், தொடக்க அளவு குறைந்ததில் எது எவ்வளவு பங்களித்தது என்று பிரித்துச் சொல்ல நான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். மாணவி தன் பேச்சில் இதைத் தொடாமல் விடுவது நல்லது, கேட்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

வடசேரி வெல்டர்

சார் சொன்னபடி இன்று காலையில் கடை திறந்ததும், தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே, நொடிக்கு ஒரு துடிப்பு வைத்துப் பார்த்தேன். 250 வோல்ட்டில் கண்ணி ஒட்டவில்லை, மேல்தோல் மட்டும் உருகியது. 300-ஐத் தாண்டியதும் ஒட்டியது. ஆகவே சூடு காரணம் அல்ல என்று தெரிகிறது. விளக்கின் இரு முனைகளிலும் கருமை படிந்திருப்பது வெளியிலிருந்தே தெரிகிறது, ஆனால் பிரதிபலிப்பானைக் கழற்றாமல் அதன் நிலை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் திறந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

ஒளியியல் ஆசிரியர், நாகர்கோவில்

விளக்கின் மேல்தான் எனக்கும் ஐயம். திறப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்தால் மட்டும் போதாது அண்ணன். மின்தேக்கி வெறுமையாகிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். விளக்கை மட்டும் முதலில் மாற்றி, பிரதிபலிப்பானைத் தொடாமல், அதே ஒற்றைத் துடிப்புச் சோதனையைச் செய்து பாருங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது குறை என்பது தெரியாமலே போய்விடும்.